ஒவ்வொரு சனிக்கிழமையும்

தெப்ராவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாக இருக்கிறேன். போன வருஷம் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து ஒரு தாய் வந்தார். தொழிற்சாலையில் வேலை. கணவரிடம் இருந்த ஏழு வயது மகளைத் தன்னிடம் ஒப்படைக்கக் கோரி வழக்குப் போட்டிருந்தார்.

விசாரணையின் முதல் நாள் முடிந்த மறுநாளே, அழுது வீங்கிய முகத்தோடு வந்து நின்றார்.

"அக்கா, நான் சாட்சி சொன்னப்போ மொழிபெயர்த்தாங்க. கடைசியா நீதிபதி மலாய்ல வேகமா பேசினது ஒண்ணும் புரியல. தோத்துட்டேனா?"

"இல்லம்மா, வழக்கு இன்னும் முடியல. நீதிமன்றத்துல எல்லாம் பதிவாகியிருக்கு. பிரதி வந்ததும் தமிழ்ல எழுதித் தர்றேன்."

எங்கள் வழக்கறிஞர் விண்ணப்பித்து ஒலிப்பதிவைப் பெற்றார். அவருடைய கைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுருக்கம் எழுதினேன். குறிப்பில் 'சனி, மாதம் 2' என்று கிறுக்கியிருந்தது. மாதம் இரண்டு சனிக்கிழமை என்றே எழுதிவிட்டேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. அந்தக் குழந்தை அம்மாவோடு இருக்கப்போகும் நாட்கள் அவை. அவசரத்தில் கிறுக்கியதை நம்பி எழுதலாமா? ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசிப் பகுதியை மறுபடி கேட்டேன். யாரோ இருமியதில் ஒரு சொல் அமுங்கிவிட்டது. பின்னால் நகர்த்தி நகர்த்தி ஆறேழு முறை கேட்டேன்.

மாதம் இரண்டு முறை போதும் என்று கேட்டது கணவரின் வழக்கறிஞர். அதற்கு நீதிபதி சொன்ன பதில்: "தீடாக். செத்தியாப் சப்து." இல்லை, ஒவ்வொரு சனிக்கிழமையும்.

நேரே வழக்கறிஞரிடம் போனேன். அவரும் கேட்டார். "என் தப்புதான். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதை எழுதினேன், நீதிபதி சொன்னதை விட்டுட்டேன்." நீதிமன்றத்துக்காகத் தான் தயாரித்திருந்த உத்தரவின் வரைவைத் திருத்தி, பதிவில் அது வரும் நிமிடத்தையும் குறித்து எதிர்த்தரப்புக்கு அனுப்பினார். முதலில் மறுத்தார்கள். கேட்டுப் பார்த்தபின் ஒப்புக்கொண்டார்கள்.

சுருக்கத்தைத் திருத்தி எழுதினேன். நீதிபதி இட்ட கட்டளைகள் மூன்று. அடுத்த விசாரணை வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை மகள் அம்மாவோடு. சமூக நல அதிகாரியின் அறிக்கை விசாரணைக்கு இரண்டு வாரம் முன்பே நீதிமன்றத்துக்கு வர வேண்டும். கூடுதல் ஆவணங்கள் இருந்தால் இருதரப்பும் பதினான்கு நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். விசாரணை தொடரும் நாளைத் தடித்த எழுத்தில் போட்டேன்: அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி, காலை ஒன்பது மணி, அதே நீதிமன்றம்.

அந்தத் தாய் வந்து, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

"ஒவ்வொரு சனியுமா அக்கா? நெசமாவா?"

"நீதிபதி வாயால சொன்னது. நானே கேட்டேன்."

"அப்போ சனிக்கிழமை ஓவர்டைம் வேணாம்னு இன்னைக்கே சொல்லிடறேன் லா. பதினெட்டாம் தேதிக்கும் லீவு எழுதிடறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அந்த அதிகாரி வீட்டுக்கு வருவாங்கள்ல? மகளுக்கு ஒரு படிப்பு மேசை வாங்கணும்."

பதினெட்டாம் தேதி எட்டரை மணிக்கே நீதிமன்ற வாசலில் அவர் காத்திருந்தார். அதற்குள் நான்கு சனிக்கிழமைகள் மகளோடு கழிந்திருந்தன.