தலைநகர்க் கட்டம்

குரூப் டூ தேர்வுக்கு நான் நாலாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்த சமயம். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் நானும் ஒரு தோழியும் எடுத்திருந்த வாடகை அறையில், கட்டிலுக்கு எதிர்ச்சுவர் முழுக்க அரச வம்சங்களின் சார்ட்தான். பல்லவருக்குக் காஞ்சி, மாமல்லபுரம். சோழருக்குத் தஞ்சாவூர், குடவோலை. விஜயநகரத்துக்கு ஹம்பி, நாயங்கரா முறை. கண் விழித்தால் அதுதான். டீ குடிக்கப் போனாலும் குடவோலை கூடவே வரும்.

ஒரு நாள் எரிச்சலில் பென்சிலை எடுத்து, ஹோய்சாளர் வரியின் தலைநகர்க் கட்டத்தில் 'துவாரசமுத்திரம்' என்பதன் கீழே 'திருவண்ணாமலை' என்று எழுதினேன். டெல்லிப் படை துவாரசமுத்திரத்தைச் சூறையாடிய பிறகு, அவர்களுடைய ராஜா ஒருவன் எங்கள் ஊரில் இருந்துதான் ஆண்டான். கோயிலில் அவன் பெயரில் கோபுரமே நிற்கிறது.

தோழி ரப்பரோடு வந்தாள். முதல் முறை எழுதப் போகிறவள்.

"அழிச்சிடுங்கக்கா. ஆன்சர் கீயில துவாரசமுத்திரம்னுதான் வரும். போன தடவையும் ஜாஸ்தி யோசிச்சுதான் கோட்டை விட்டீங்க."

"நான் எழுதுனது உண்மைதானேடி?"

"உண்மைக்கு மார்க் இல்லக்கா."

ரப்பரை வாங்கி நானே அழித்தேன். அந்த ராஜாவும் போக்கிடம் இல்லாமல்தான் இங்கே வந்திருப்பான். ஆனால் வயதான காலத்திலும் மதுரை சுல்தானோடு மோதக் கிளம்பிப் போய்ச் செத்தான். செத்ததை விடுங்கள், கிளம்பினானே!

நான் அடுத்த வரிக்குப் போனேன். காகதீயர், வாரங்கல்.