எந்த வேலையானாலும் செய்வேன்

கும்மிடிப்பூண்டி வார்ப்பட ஆலையில் ஸ்நேகா ஒப்பந்தத் தரப் பரிசோதகர். காண்ட்ராக்டர்கள் மாறுவார்கள், இவள் மட்டும் நிரந்தரமாகத் தற்காலிகம். சென்னையில் நடக்கும் வார்ப்படத் தொழில் மாநாட்டில் பெரிய ஆலைகளின் தரப்பிரிவுத் தலைவர்கள் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். அவர்களில் ஒருவரிடமாவது பேசிவிட்டால் விடிவு வரும் என்று நம்பி, தன்னார்வலராக வருகிறேன் என்று அமைப்பாளருக்கு மெயில் எழுதினாள்.

அனுப்புமுன் உடன் வேலை செய்யும் சோனியா படித்துப் பார்த்தாள்.

"பேச வர்றவங்கள கூட்டினு போற வேலை குடுங்கன்னு கேளுடி. 'எந்த வேலையானாலும் செய்வேன்'னு இன்னாத்துக்குப் போட்டுக்கினுகீற?"

"கம்பெனி கேட்டுல அப்டி சொன்னாதான உள்ள வுடுவாங்க" என்றாள் ஸ்நேகா. அந்த வரி அப்படியே போனது. வரச் சொல்லி உடனே பதிலும் வந்தது.

மாநாட்டன்று, இன்ன பேச்சாளர், இன்ன அமர்வு வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்த கல்லூரிப் பிள்ளைகள் மேல்தளத்தில் பேச்சாளர்களோடு நடந்தார்கள். ஸ்நேகாவுக்குக் கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக் கூப்பன் வாங்கிக் கிழிக்கும் வேலை. பேச்சாளர்களுக்கு மேலேயே தனிச் சாப்பாடு. ஒருவரும் இறங்கி வரவில்லை.

சாயங்காலம் அமைப்பாளர் மட்டும் இறங்கி வந்தார். பயோடேட்டாவை எடுக்க அவள் பைக்குள் கையை விட்டாள்.

"பிரமாதம்மா! ஒரு தள்ளுமுள்ளு இல்ல. அடுத்த வருஷமும் கூப்பன் கவுண்டரை நீங்களே பாத்துக்கறீங்களா?"

பழகிய வாய் முந்திக்கொண்டது.

"எந்த வேலையானாலும் செய்றேன் சார்."