காப்புக் கட்டியவனின் மாத்திரைகள்

அண்ணனை வயிற்றுப் புற்று கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகியும் நான் அழவில்லை. கரும்பு வெட்டினோம், நெல் அடித்தோம், திதி கொடுத்தோம். ஊரில் என்னைக் கல்நெஞ்சக்காரி என்றார்கள். சொல்லட்டும், அவர்களுக்கு வேறு வேலை என்ன? எனக்குள் எல்லாம் மரத்துப் போயிருந்தது.

அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா, கூடப் பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ளுங்கள் என்று அப்போதே சொல்லியிருந்தார். தம்பிக்கு மேல்வயிற்றில் எரிச்சல் தொடங்கிய பிறகுதான் நாங்கள் கிளம்பினோம். மலத்தைச் சின்ன டப்பாவில் கொடுத்தோம். இரண்டு பேர் வயிற்றிலும் ஒரு கிருமி இருந்தது. வருஷக்கணக்கில் உள்ளே இருந்து புண்ணாக்கும், ஒரு சிலருக்கு அதுவே புற்றுக்கும் வழிவிடும் என்றார். மழை வரும் என்றால் கேட்டுக்கொள்வோமே, அப்படிக் கேட்டுக்கொண்டேன்.

தம்பி மாத்திரைகளைப் பார்த்து மலைத்தான். "ஒரு பூச்சிக்கு இவ்ளோவா டாக்டரம்மா?"

"அது வயித்துச் சளிக்குள்ள ஒளிஞ்சிருக்குப்பா. சாப்பாட்டுக்கு முன்னாடி போடறது அமிலத்தக் குறைக்கும். அப்பதான் கிருமிய கொல்ற மருந்து நின்னு வேலை செய்யும். அதுல ரெண்டு வகை. ஒண்ணுக்குத் தப்பினத இன்னொண்ணு பிடிக்கணும். அத சாப்ட்ட பின்னாடி போடணும், காலை, ராத்திரி, ரெண்டு வாரம் முழுசா. வலி போயிட்டா கிருமி போயிட்டதா அர்த்தம் இல்ல."

இருவரும் ஒரே நாளில் தொடங்கினோம். என் வாயெல்லாம் கசந்தது, இரும்பை நக்கியதுபோல. அதற்காக நிறுத்தவில்லை. விழுங்குவதற்கு மனம் எதற்கு, தண்ணீர் போதும்.

அந்த வாரமே திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேறியது. அண்ணன் படுக்கையில் கிடந்தபோது, அவன் பிழைத்தால் தீ மிதிப்பதாகத் தம்பி வேண்டியிருந்தான். பிழைக்கவில்லை. ஆனாலும் சொன்ன சொல் தவறக்கூடாது என்று, தீட்டு கழிந்த அந்த வருஷம் கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டான். காப்புக் கட்டியவனுக்கு ராத்திரி ஒரு வேளைதான் சோறு.

தீ மிதித்து முடிந்த பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். என் மாத்திரை தீர்ந்திருந்தது. அவனுடைய அட்டைகளில் பாதி அப்படியே இருந்தது.

"இன்னாடா இது?"

"சாப்ட்டுட்டுப் போடணும்னாங்க. காலையில சாப்புடாம எப்படிக்கா போடறது? வலிதான் போயிட்ச்சே."

திட்டியிருக்க வேண்டும். அட்டையைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.

டாக்டரம்மா சொன்ன இடைவெளி விட்டு, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் இல்லாமல் இருந்து, மறுபடி டப்பா கொடுத்தோம். எனக்குக் கிருமி இல்லை. அவனுக்கு இருந்தது.

"பாதியில விட்டா சாகாம தப்பினது மருந்துக்குப் பழகிப் போயிடும். பழைய மருந்த நம்ப முடியாது. இப்ப வேற மருந்து, நாலு வகை, ஒரு நாளைக்குப் பல தடவை. மறுபடியும் ரெண்டு வாரம்," என்றார். "விரதம் வந்தா முதல்ல எனக்கு போன் பண்ணு. நாக்கும் மலமும் கறுக்கும், மருந்தால அது. பயப்படாத. ஆனா தார் மாதிரி ஒட்டிக்கிட்டுப் போனாலோ, மயக்கம் வந்தாலோ உடனே வா."

தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணனுக்கும் முன்னாடியே இத பாத்திருந்தா?"

"உறுதியா சொல்ல முடியாதுப்பா. வராம இருந்திருக்கலாம்."



இந்த முறை மாத்திரைகளை நான் வைத்துக்கொண்டேன். வேளைக்கு வேளை என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, என் முன்னால் விழுங்கினான். ஒரு காலை, முகம் வெளுத்து வாசலில் நின்றான்.

"அக்கா, கறுப்பா போவுதுக்கா."

அண்ணன் எங்களிடம் முதன்முதலாகச் சொன்னதும் இதையேதான். டாக்டரம்மா சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஒட்டுகிறதா, மயக்கமா என்று கேட்டேன். இல்லை என்றான். போன் போட்டேன். விவரமெல்லாம் கேட்டுவிட்டு, மருந்துதான், நிறுத்தாதீர்கள் என்றார்.

இட்லி வைத்தேன். சாப்பிட்டான். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"எனக்குப் பயமா இருக்குக்கா."

"போடுடா," என்றேன். "உன்னையும் தூக்கிக் குடுக்க என்னால ஆவாது."

விழுங்கினான். நான் கேட்காமலே வாயைத் திறந்து கறுத்த நாக்கைக் காட்டினான். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி, அண்ணனுக்காக அழுதேன்.