பாதி கிளாஸ் திராட்சை ஜூஸ்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் என் கீழுதடு கிழிந்தது. நாலு தையல்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் நானும் என் தோழியான மம்சாபுரத்துக்காரி ஒருத்தியும் அடுத்தடுத்த மேஜையில் வேலை பார்த்தோம். உடன் வேலை பார்த்த ஒருவர், தன் பிறந்தநாளுக்கு மலையடிவாரத்து மாந்தோப்பு வீட்டில் விருந்து வைத்தார். ஆண்கள் கிணற்றடியில் குடித்துக்கொண்டிருந்தார்கள். தோழி குடிக்கிறவள் இல்லை. ஒரு கிளாஸ் திராட்சை ஜூஸ் எடுத்தாள். போட்டோவுக்குக் கூப்பிட்டதும் அதை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து பாதியைக் குடித்தாள்.

இருபது நிமிஷம் இருக்கும்.

"ஏட்டி, நாக்கு தடிச்சுப்போன மாதிரி இருக்கு" என்றாள்.

வெயில் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அடுத்த வார்த்தை அவள் வாயில் குழறியது. "நாம எங்கட்டி இருக்கோம்?" என்று கேட்டாள். எழுந்தவளின் முழங்கால் மடங்கியது.

யாரும் கூப்பிடாமலே ஒருவன் வந்தான். மில்லுக்கு வந்துபோகும் நூல் தரகன். அவள் கைக்கடியில் கை கொடுத்துத் தூக்கினான். "சரக்கு ஏறிப்போச்சு. உள்ள ரூம்ல படுக்க வைக்கேன். நீங்க சாப்பிடுங்க."

"அவ குடிக்கவே இல்ல. விடுங்க."

விடவில்லை. அவளுடைய மறு கையைப் பிடித்து நான் இழுத்தேன். அவன் என் முகத்தில் குத்தினான். வாய் நிறைய ரத்தம். அவளைக் கால் தரையில் தேயத் தேயக் கதவுவரை இழுத்துக்கொண்டு போய்விட்டான். இரும்பு நாற்காலி ஒன்றைத் தூக்கி அவன் முதுகில் இறக்கினேன். அவன் திரும்பியதும் மறுபடி, தோளில். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது; அவளை விட்டுவிட்டு விழுந்தான். எனக்குள் அப்படி ஒருத்தி இருந்தது அன்றுவரை எனக்குத் தெரியாது.

என் அலறலுக்கு முதலில் ஓடிவந்தது மில்லின் முதலுதவி அறை நர்ஸ் அக்கா. தோழியின் கண்ணைப் பார்த்தார், மூச்சைப் பார்த்தார். "குடிக்காதவளுக்குத் திடீர்னு இப்பிடி ஆகாது. எதையோ கலந்திருக்கான். நீ இவள விட்டு ஒரு அடி நகரக் கூடாது" என்றவர், 108-க்குப் போன் போட்டார்.

ஒரு அம்மா மோர்ச் செம்போடு வந்தார். "வேண்டாம், புரையேறும். விரல விட்டு வாந்தியும் எடுக்க வைக்காதிய" என்று தடுத்த அக்கா, தோழியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து வாய் தரையைப் பார்க்கும்படி வைத்தார். அடுத்த நிமிஷமே அவள் வாந்தி எடுத்தாள். மல்லாந்து கிடந்திருந்தால் மூச்சடைத்திருக்கும்.

தரகன் எழுந்து மேஜைப் பக்கம் போனான். கிளாஸைத் தட்டிவிடத்தான். அக்கா குறுக்கே பாய்ந்தார். அவர் வயிற்றில் உதைத்தான். அக்கா கிளாஸை மார்போடு அணைத்தபடி மண்டியிட்டார், கொட்டவிடவில்லை.

அதற்குள் ஆண்கள் வந்துவிட்டார்கள். பிறந்தநாள்காரர்தான் முதல் அடி கொடுத்தார். பொறவு மாமரத்தில் கட்டிவைத்து ஆளாளுக்கு அடித்தார்கள். அவன் மூக்கு உடைந்து சட்டை முழுக்க ரத்தம். நானும் அடிக்கக் கையோங்கி எழுந்தேன்.

"ஏட்டி, உக்காரு! மூச்ச எண்ணு!" என்று அக்கா கத்தினார். ஆண்களைப் பார்த்து, "அவன் செத்தா கேஸ் உங்க மேலதான். போலீஸக் கூப்பிடுங்கய்யா!"

நான் உட்கார்ந்தேன். அவள் வயிறு ஏறி இறங்குவதை ஒவ்வொன்றாக எண்ணினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அக்கா டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். என்ன குடித்தாள், எம்புட்டு, எத்தனை மணிக்கு, எப்போது தடுமாறினாள். "ரத்தமும் சிறுநீரும் இப்பவே எடுக்கணும், நேரமானா மருந்து உடம்புல தங்காது" என்றார் டாக்டர். அக்கா வாயை மூடிக் கட்டிக் கொண்டுவந்திருந்த அந்தக் கிளாஸ் போலீஸ் கைக்குப் போனது. கிளாஸிலும் அவள் சிறுநீரிலும் ஒரே தூக்க மருந்து இருந்ததாகப் பொறவு தெரிந்தது.

சாயங்காலம் அவள் கண் விழித்தாள். போட்டோ எடுத்ததுவரைதான் ஞாபகம். என் உதட்டைப் பார்த்து, "நான் என்னட்டி தப்பு பண்ணேன்?" என்று அழுதாள்.

"நீ ஒண்ணும் பண்ணல" என்றேன். தையல் வலித்தது. திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நடக்கிறது. போன வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல், "கல்யாணமாகாத பொண்ணு அங்க எதுக்கும்மா போனீங்க?" என்று கேட்டார்.

சாட்சிக் கூண்டில் நின்ற தோழி அவரை நேராகப் பார்த்தாள்.

"சாப்பிடப் போனேன் சார். அவன் எதுக்கு மருந்தோட வந்தான்னு அவங்கிட்ட கேளுங்க."