முருகையாவுக்கு ஒரு மாதம்

சுங்கை லாலாங் தோட்டத்தில், கூலிகள் குடியிருக்கும் லயத்து ஆளைக் கணக்கெழுதும் கிராணியாக வைத்தார்களாம்; ஆறே மாதத்தில் கணக்கெல்லாம் குழம்பிப் போனதாம். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசருக்கு இதை ரயிலில் யாரோ சொன்னார்கள். டிரெசர் தோட்ட மேலாளரான துரைக்குச் சொன்னார். அந்த ஆளின் பெயர் யாருக்கும் தெரியாது.

அடி விழுந்தது எங்கள் முருகையாவுக்கு.

முருகையா ரப்பர்ப் பால் கொட்டகையில் வேலை செய்தான். மரம் வெட்டிப் பாலெடுக்கும் வெட்டுக்காரர்கள் கொண்டுவரும் ஒவ்வொரு வாளியிலும் மிதவைக் கருவியை விட்டு, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பான். ஞாயிறுதோறும் பெடோங்குக்கு நடந்து, ஒரு பாதிரியாரிடம் ஆங்கிலம் கற்றுக்கொண்டவன். கூடப் போன குழந்தைவேலு பாதியில் நின்றுவிட்டான்.

“இங்கிலீசு பேசினா மரம் கூடுதலா பால் விடுமாடா? நம்ம கையில கத்திதான் குடுப்பாங்க.”

“ஒன்னய மாதிரி ஆளுங்க நின்னுட்டதாலதான் லயத்துக்காரனுக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறாங்க.”

“அவங்க அப்படிச் சொல்றதாலதான் நான் நின்னேன் லா!”

தொழிற்சாலைக் கிராணி வேலை காலியானபோது, பெரிய கிராணியான நான் துரையிடம் முருகையாவின் பெயரைச் சொன்னேன்.

“லயத்தில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ஆங்கிலம் எழுத வராது, சிவகுரு. யாழ்ப்பாணத்தாரில் எட்டுப் பேருக்கு வரும்.”

“இவன் மற்ற இரண்டு பேரில் ஒருவன், துரை.”

“அந்த இரண்டு பேரைத் தேடிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.”

“போன கிராணி யாழ்ப்பாணத்தார்தான். அவருக்குப் பெருக்கலே வரவில்லையே.”

“அது அந்த ஒருவனின் குறை.”

“பாலை வாளி வாளியாகப் பார்க்கிறோமே?”

“வாளிக்கு அரை நிமிடம் போதும். ஆளைப் பார்க்க மாதக்கணக்காகும். தவறினால் என் ரப்பர் கெட்டுப்போகும்.”

துரை கெட்டவர் அல்ல. முருகையாவின் தாய்க்குக் காய்ச்சல் கண்டபோது தன் காரையே அனுப்பியவர். அவர் சொன்ன கணக்கும் பொய்யில்லை. எனக்குப் பயமாக இருந்ததே அதனால்தான். நானும் யாழ்ப்பாணத்தான்; என்னையும் ஊரைக் கேட்டுத்தான் எடுத்தார்; வேறெதுவும் கேட்கவில்லை.

கடைசியில் துரை சற்று இறங்கி வந்தார். “சுங்கை லாலாங் துரையிடம் விசாரி. அந்தக் கதை பொய்யென்றால் ஒரு மாதம் வைத்துப் பார்க்கிறேன். மத்தியானத் தபாலுக்குள் பதில் இல்லையென்றால் யாழ்ப்பாணத்து ஆளுக்கு எழுதிவிடுவேன்.”

டெலிபோனைச் சுழற்றினேன். சுங்கைப் பட்டாணி எக்ஸ்சேஞ்ச் இணைப்புக் கொடுத்தது. கையிலிருந்த பால் வாடை போகக் கழுவிவிட்டு வந்து, முருகையா வாசலிலேயே நின்றான்.

“எடுத்துட்டாங்களா ஐயா?”

“இன்னும் இல்லை, தம்பி. மணி அடிச்சுக்கொண்டிருக்கு.”

“அந்த ஆளு நல்லாத்தான் வேல செஞ்சிருப்பாரு ஐயா. மொகம்கூட தெரியாது, ஆனா காலையிலேருந்து அவருக்காகத்தான் சாமி கும்புடுறேன்.”

வெளியே தபால்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது. உள்ளறையில் துரை பேனாவுக்கு மை நிரப்பினார். நான் டெலிபோனிலிருந்து காதை எடுக்கவில்லை. அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.