தேங்காய்க்குக் குடுமி வரைய மாட்டேன்

கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் போடுவது என் வேலையாக இருந்தது. பொன்னேரி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். முன்னால் ஒரு அறை, பின்னால் படம் கழுவ ஒரு இருட்டறை, அவ்வளவுதான். என் கணவர் படம் எடுப்பார், கழுவுவார். நான் வடக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, பஞ்சு சுற்றிய குச்சியாலும் மெல்லிய பிரஷாலும் அதற்கு நிறம் கொடுப்பேன். எழுபதுகளின் ஆரம்பம் அது. கலர் ஃபிலிம் எல்லாம் எங்களைப் போன்றவர்களுக்குக் கைக்கு எட்டாது.

கல்யாணப் பெண்களை ஒரு சுற்று வெளுப்பாக்கிக் கொடுத்திருக்கிறேன். மறுக்கவில்லை. அது அவரவர் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்கிற பொய், யாருக்கும் நஷ்டமில்லை. சந்தைக்குப் போகிற சரக்கின் கதை வேறு. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நான் கடையில் தேங்காய் வாங்குகிறவள்.

ஒரு நாள் காலை, கடற்கரைப் பக்கத்துத் தென்னை விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் செகரட்டரி வந்தார். அதுவரை அவர்கள் காயெல்லாம் ஒரே வியாபாரியிடம்தான் போய்க்கொண்டிருந்தது. வண்டி போய்ச் சேர்ந்ததும் வியாபாரி காய்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, சின்னது, கருத்தது, ஈரம் என்று ஏதாவது சொல்லி ஒரு குவியலைக் 'கழிவு' என்று ஒதுக்கிவிடுவாராம். கழிவைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வர வண்டிக்கூலி கட்டாது. அதனால் அது அங்கேயே இனாமாக நின்றுவிடும். வருஷக்கணக்காக இந்த அநியாயம். இனி நேராக விற்கலாம் என்று முடிவு செய்து, கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்துகொண்டிருந்த கம்பெனிகளின் கேன்டீன்களுக்குக் காட்ட ஒரு கலர் நோட்டீஸ் போடப் போகிறார்கள். நாலு பக்கம். அட்டையில் தேங்காய்ப் படம்.

"படம் பளிச்சினு இருக்கணும்மா. பாத்தவுடனே ஆர்டர் குடுக்கணும்," என்றார் செகரட்டரி.

கருப்பு வெள்ளைப் படத்தில் ஒரு ஆபத்து உண்டு. இன்று உரித்த காயின் ஓடும் பத்து நாள் கிடந்த காயின் ஓடும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறமாகத்தான் விழும். அது புதுசா பழசா என்று பார்க்கிறவர்களுக்குச் சொல்வது என் கையிலிருக்கும் பிரஷ். நினைத்தால் அழுகின காயைக்கூட இன்று காலை பறித்ததாக ஆக்கிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. அதனால்தான் பயமும் உண்டு.

மறுநாள் சங்கத்தில் பங்கு வாங்கியிருந்த ஒரு பெண் காய்களோடு வந்தாள். என்னைவிடச் சின்னவள். மணலில் அவளுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் மரங்கள். சாக்கைப் பிரித்ததும் என் கணவர் சிரித்துவிட்டார். படம் எடுக்கப் போகிறார்கள் என்று காய்களைக் கல்யாணத்துக்கு அனுப்புகிற மாதிரி ஜோடித்திருந்தாள். நாரெல்லாம் மழிக்கப்பட்டு, ஓடு எண்ணெய் பூசி மினுமினுத்தது. நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு, அதன் மேல் குங்குமம்.

"முதல் முதல்ல வெளிய போவுது இல்லக்கா, சும்மா எப்டி அனுப்பறது," என்றாள்.

மஞ்சள் குங்குமத்தைத் துடைத்துவிட்டுக் கணவர் நாலைந்து படம் எடுத்தார். மத்தியானம் ஈரப் பிரதி என் மேஜைக்கு வந்தது. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜோடனையில் நான் கவனிக்கவில்லை, காய்களுக்குக் குடுமி இல்லை. மூன்று கண்ணும் மொட்டையாக முழித்துக்கொண்டிருந்தன.

உரிக்கும்போது கண்களின் மேல் ஒரு கொத்து நாரை விட்டுவைப்பார்கள். உடைக்கப் போகும்போதுதான் அதைப் பிய்ப்பது. குடுமி போன காயில் கண் வழியாக ஈரமும் பூஞ்சையும் ஏறிச் சீக்கிரம் கெட்டுவிடும். மொட்டைக் காயை எந்தச் சமையல்காரனும் மூட்டையாக வாங்க மாட்டான். அழகு செய்கிறேன் என்று இவள் தன் சரக்கைத் தானே பழசாக்கிவிட்டாள்.

அவளோடு வந்திருந்த செகரட்டரியிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அச்சுக்கு பிளாக் செய்ய ரெண்டு நாள்ல குடுக்கணும். நீதான் கலர் போடுறவளாச்சே, நாலு இழு இழுத்தா குடுமி ஆச்சு. அப்டியே காயைக் கொஞ்சம் பெருசா காட்டு, ஓட்டை வெளுப்பா போடு. இன்னா கஷ்டம் உனுக்கு?"

"கஷ்டம் ஒண்ணும் இல்ல சார். செய்ய மாட்டேன்."

"ஏம்மா, படம்னா கொஞ்சம் ஏத்தித்தான் சொல்லணும். ஊரே செய்யுது."

"ஊரு செய்யட்டும். லாரியில ஏத்தற காய்க்கும் குடுமி வரைஞ்சுதான் அனுப்புவீங்களா? படத்துல பெருசு, சாக்குல சின்னதுன்னா அவன் இன்னா சொல்லுவான்? கழிவுன்னுதான் சொல்லுவான். அத்த நீங்களே அவன் கையில எழுதிக் குடுக்கறீங்க."

என் கணவர் கண்ணால் என்னை அடக்கப் பார்த்தார். நல்ல வேலை, கை நழுவிவிடப்போகிறதே என்ற கவலை அவருக்கு. எனக்கும் அந்த வேலை தேவைதான். ஆனாலும் வாயை மூடிக்கொள்ள முடியவில்லை. செகரட்டரி வேறு ஸ்டூடியோ பார்க்கிறேன் என்று குடையை எடுத்தார்.

அவரை நிறுத்தியது அந்தப் பெண்தான். "இருங்க நைனா. அக்கா சொல்றது சரிதான். தப்பு என்னுது. விடியக்காலம் காயோட வரேன்," என்றாள். அவளுக்கு முகம் செத்துப்போயிருந்தது. மழிப்பதற்கு எத்தனை நேரம் பாடுபட்டிருப்பாளோ. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் போகாதே என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டாள். அன்று உரித்த காய்கள், குடுமியோடு, அங்கங்கே பிசிறு நாரோடு. மணல் காய் என்பதால் சின்னதுதான், ஓடும் கொஞ்சம் கருப்புதான். வாசலில் வெயில் நேராக விழாத இடத்தில், எதிரே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி அதில் பட்டு வருகிற வெளிச்சத்தில் எடுத்தோம். ஒரு காயை உடைத்து மூடியைப் பக்கத்தில் வைத்தோம். அளவு தெரிய வேண்டும் என்பதற்காக இன்னொரு காயை அவள் உள்ளங்கையில் வைத்துப் பிடிக்கச் சொன்னேன். கை இருந்தால் காயின் சைஸைப் பற்றி யாரும் பொய் சொல்ல முடியாது. தண்ணீர் தெளிக்கலாமா என்று கேட்டார் கணவர். வேண்டாம் என்றேன்.

பிறகு கலர். உடைத்த மூடியை மேஜையில் வைத்துப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். பச்சைத் துணி எதுவும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டேன், கண்ணில் பச்சை ஒட்டிக்கொண்டால் நிறம் சரியாகத் தெரியாது. தேங்காய்ப் பருப்பு வெள்ளை என்று உலகம் நினைக்கிறது. அது காகித வெள்ளை இல்லை. உடைத்த உடனே ஈரம் மினுங்கும், குழிக்குள் நிழல் லேசான நீலமாக நிற்கும். கொஞ்ச நேரத்தில் மினுக்கம் போய் மங்கல் மஞ்சள் தட்டும். அப்புறம் அதைப் பார்த்துப் போட்டால் பழைய காயைத்தான் போட்ட மாதிரி ஆகும். அதனால் ஒவ்வொரு தடவை மங்கும்போதும் புதிதாக ஒரு காய் உடைத்தேன். சாயங்காலம் விளக்கு போட்டுக்கொண்டு தொடரவில்லை, பல்பு வெளிச்சம் எல்லாவற்றையும் மஞ்சளாக்கும். அன்று முழுக்க எங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னி, தேங்காய்ச் சாதம், தேங்காய்த் துவையல். கணவர் மூன்றையும் சாப்பிட்டார்.

படத்தை வாங்கிப்போன செகரட்டரி இரண்டு வாரத்தில் சென்னை அச்சகத்தின் மாதிரித் தாளோடு வந்தார். சந்தோஷமாகத்தான் வந்தார். நான் தாளை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். பிளாக் செய்தவர் தன் பங்குக்கு அழகுபடுத்தியிருந்தார். பருப்பு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, ஓடு ஆரஞ்சாக இருந்தது, அந்தப் பெண்ணின் கருத்த கைகூட மெழுகுக் கையாகிவிட்டிருந்தது.

"நல்லாத்தானேம்மா கீது?"

"இது யாரு காய் சார்?"

மறுநாள் காலை ரயிலில் நானே கிளம்பினேன். பையில் நாலு காய். செகரட்டரி பேஜாராகிப்போய்க் கூடவே வந்தார். பிளாக் செய்கிறவர் வயதானவர், வேலை தெரிந்தவர். ஒரு பொம்பளை வந்து குறை சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை. கலரில் இதெல்லாம் சகஜம், உனக்குப் புரியாது என்றார். அவர் அறை வாசல்படியில் ஒரு காயை ஓங்கி உடைத்தேன். தண்ணீர் அவர் செருப்பில் தெறித்தது. மூடியை ஜன்னலோரம் கொண்டுபோய் மாதிரித் தாளின் மேல் வைத்தேன்.

"இப்ப சொல்லுங்க, எது தேங்காய்?"

அவர் குனிந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "நீல பிளாக்குல அதிகமா அரிச்சுட்டேன்," என்றார். நாலு நிறத்துக்கும் தனித்தனி பிளாக். ஆசிட் வைத்து அரிக்க அரிக்கப் புள்ளி சிறுத்து அந்த நிறம் குறையும். குறைத்ததைத் திரும்பக் கூட்ட முடியாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும். செய்து கொடுத்தார். மீதிக் காய்கள் மூன்றையும் அவர் மேஜையிலேயே விட்டுவந்தேன். வேலை முடியும் வரை அதைப் பார்த்துக்கொண்டே அரிக்கட்டும் என்று.

நோட்டீஸ் வந்தது. பளிச்சென்று இல்லைதான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கேன்டீன் கான்ட்ராக்டர் அதைப் பார்த்து ஆர்டர் கொடுத்தார். முதல் லோடு போன அன்று அந்தப் பெண் என்னையும் லாரியில் இழுத்துக்கொண்டு போனாள். தனியாகப் போக அவளுக்கு உதறல்.

மூட்டையைப் பிரித்ததும் கான்ட்ராக்டர் ஒரு காயை எடுத்துத் தட்டினார், உருட்டினார். பழைய வியாபாரியிடம் அவர்கள் வருஷக்கணக்காகக் கேட்ட அதே பாட்டை இவரும் தொடங்கினார். "இன்னாம்மா, காய் எல்லாம் சின்னதா கீது. ஓடு வேற கருப்பு. பாதி கழிவாத்தான் போவும் போலக்கீது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். அவளுடைய சரக்கு, அவள்தான் பேச வேண்டும். அவள் கான்ட்ராக்டரின் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த நோட்டீஸை எட்டிப் பிடுங்கி, விரித்து அவர் மூஞ்சிக்கு நேராகப் பிடித்தாள்.

"சின்னதுன்னு இந்தப் படத்துல தெரியுதா இல்லியா? கருப்புன்னு இருக்கா இல்லியா? பெருசுன்னு பொய் சொல்லியிருந்தா நீ ஒதுக்கலாம். பாத்துதானே ஆர்டர் குடுத்த? எதுல கழிவு, காட்டு."

அவர் படத்தைப் பார்த்தார், காயைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். சுற்றி நின்ற கூலியாட்களும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு கையிலிருந்த காயைச் சாக்குக்குள் போட்டுவிட்டு, உள்ளே எடுத்துப் போகச் சொன்னார்.

ஒரு காயும் ஒதுங்கவில்லை.