ஓசூரிலிருந்து வராத பதில்

1. ஓசூர்த் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பொறியாளர் வேலைக்கு எனக்குக் கடைசிச் சுற்று நேர்காணல் முடிந்தது.
2. ஆள்சேர்ப்பு அதிகாரி, ஏறக்குறைய என் வயதுப் பெண், சம்பளச் சீட்டுகளைக் கேட்டார். அன்றே அனுப்பினேன்.
3. "உள்ளே ஒப்புதல் வாங்கிட்டு திங்கட்கிழமை சொல்றேன்" என்றார்.
4. அந்தத் திங்கள் போனது. அடுத்ததும் போனது.
5. புதுச்சத்திரம் பக்கம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறையில் வேலை செய்கிறேன். அதன் முதலாளி இரண்டு வருட ஒப்பந்தத்தை என் மேசைமேல் போட்டார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து, இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு நின்றுகொள்ள வேண்டும்.

கையெழுத்துப் போட்டால் ஓசூர் இல்லை. போடாமல் விட்டு, ஓசூரும் கைவிட்டால் எதுவுமே இல்லை.

அன்றிரவு சாப்பிட வந்த சித்தப்பா தட்டைப் பார்த்தபடியே கேட்டார். மூன்று லாரி வைத்திருப்பவர், ஓசூர்ப் பக்கமும் லோடு ஓட்டுபவர்.

"ஏஞ்சாமி, ஓசூர்க்காரன் தாம்பூலம் வெச்சு அழைப்பான்னு உக்காந்திருக்கறயா?"

"ஒப்புதல் வரோணுமுங்க சித்தப்பா."

"ஒப்புதலு! லோடு ஏத்தாம என் வண்டிய நிறுத்தி வெச்சா நான் சும்மா இருப்பனா? போனப் போட்டு நாலு கேள்வி கேக்கோணும்."

"அப்பிடிக் கேட்டா இருக்கறதும் போயிருமுங்க."

"இருக்குதா மொதல்ல?" என்றார் அம்மா. இருவரும் சிரித்தார்கள். நான் எழுந்து கை கழுவினேன்.

ஆத்திரத்தில் ஆள்சேர்ப்பு அதிகாரிக்கு இரண்டு மின்னஞ்சல்கள் எழுதினேன். ஒன்றில் என் நேரத்தை வீணடித்ததாகக் குற்றச்சாட்டு. இன்னொன்றில் வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டதாகப் பொய். அந்த வேலைக் கடிதத்தைக் காட்டு என்றால் என்ன செய்வேன்? இரண்டையும் அழித்தேன்.

அந்தப் பெண் முடிவெடுப்பவர் அல்ல. துறைத் தலைவர் சம்மதிக்க வேண்டும், நிதிப் பிரிவு சம்பளத்துக்குத் தலையசைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அவர் வாய் திறக்க முடியும். எனவே ஒரு எழுத்தும் மாற்றாமல் மேலே அனுப்பும்படி என் கடிதம் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

செவ்வாய் காலை, அவருடைய பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக எழுதினேன். எந்த வேலை, எப்போது நேர்காணல் என்று ஒரு வரி. வேலையில் எனக்கு இன்னும் விருப்பம் இருக்கிறது. இப்போதைய நிறுவனத்துக்கு வெள்ளிக்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். அதற்குமுன் என் விண்ணப்பத்தின் நிலையைச் சொல்ல முடியுமா, முடியாவிட்டால் எப்போது தெரியும்? என்னிடமிருந்து ஏதாவது தேவையா? நன்றி. அவ்வளவுதான்.

மத்தியானம் அவரே அழைத்தார்.

"மெயிலை அப்படியே டிபார்ட்மெண்ட் ஹெட்டுக்கு அனுப்பிட்டேன். ஆனா ஒண்ணு கேக்கணும். உங்க சித்தப்பான்னு ஒருத்தர் சரக்கு அனுப்பற எங்க டெஸ்பாட்ச் மேனேஜர்கிட்ட ரெண்டு தடவை பேசியிருக்கார். 'எங்க புள்ளைதான், பாத்துப் போட்டுக் குடுங்க'ன்னு. நீங்க சொல்லியா?"

"இல்லைங்க. எனக்குத் தெரியவே தெரியாது."

"சிபாரிசு வந்தா ஃபைலை நிறுத்தி விசாரிக்கணும். அதான் தாமதம்."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருக்கலாம்" என்றார். வருத்தம் தெரிவிக்கவில்லை. "தெரியாதுன்னு எழுத்துல அனுப்புங்க."

அனுப்பினேன். பேசியவர் என் சித்தப்பாதான், நான் கேட்டுக்கொள்ளவில்லை, அவருடைய லாரி உங்கள் தொழிற்சாலைக்குச் சரக்கு ஏற்றுகிறது என்று மூன்று வரிகள். கடைசி வரியை யாரும் கேட்கவில்லை. பின்னால் அவர்களாகக் கண்டுபிடித்தால் முதல் இரண்டையும் நம்பமாட்டார்கள் என்பதால் எழுதினேன்.

மாலையில் சித்தப்பாவிடம் நேரே கேட்டேன்.

"ஆமா, பேசுனேன். ஆள் வெச்சுப் பேசாம இந்தப் பக்கம் ஆரு வேலை வாங்கியிருக்கறா?"

"உங்க பேச்சாலதானுங்க என் ஃபைலு நின்னுது. உங்க லாரி அங்க ஓடறதையும் எழுதிக் குடுத்துட்டேன்."

அவர் முகம் கறுத்தது. "என் லோடுக்கே வேட்டு வெக்கறயா? படிச்ச திமிரு!"

"திமிருன்னே வெச்சுக்கங்க. இனிமே எனக்காக ஆருகிட்டயும் பேச வேண்டாமுங்க."

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியேறினார். அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வியாழன் மாலை பதில் வந்தது. விசாரணை முடிந்தது, இறுதியாக இருக்கும் இருவரில் நானும் ஒருத்தி, முடிவு அடுத்த புதன்கிழமை, இதை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று.

வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தேன். முதலாளி அதைப் புரட்டிப் பார்த்தார்.

"ஓசூர்ல ஆர்டர் வந்திருச்சாக்கு?"

"இன்னும் இல்லீங்க."

"அப்பறம் எந்தத் தைரியத்துல அம்மணி இது?"

"ரெண்டு வருசம் எழுதிக் குடுக்கத் தைரியம் வரலீங்க" என்றேன். என் மேசைக்கு வேறு ஆள் பார்க்கும்படி என் காதுபடவே மேலாளரிடம் சொன்னார்.

இன்றைய நிலை இதுதான். வேலைக் கடிதம் வரவில்லை. மாதக் கடைசி வரை பட்டறையில் எனக்குச் சம்பளம் உண்டு. சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. புதன்கிழமை இன்னும் வரவில்லை.